பிரசங்கத்தின் முதல் பக்கம்

வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆகியும் எங்கள் வீட்டில் சேற்று வாடை போகவில்லை. சுவரில் கழுத்தளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. சோடா போட்டுத் தேய்த்தேன், சுண்ணாம்பு அடித்தேன், காய்ந்ததும் கோடு மறுபடி தெரிந்தது. கணவர் ஈரோட்டில் வேலையாக இருந்தார். வந்து இரண்டு நாள் உதவிவிட்டு, லீவு இல்லையென்று போய்விட்டார். பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி அது. நான் அங்கே தமிழாசிரியை.

அந்த நாட்களில் ஒரு மாலை பங்குச் சாமியார் ஆளனுப்பினார். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலை ஒட்டியிருந்த சாமியார் பங்களாவிலும் தண்ணீர் புகுந்திருந்தது. ஞானஸ்நானப் பதிவேடுகள் முற்றத்தில் கயிற்றுக் கட்டில்மேல் பிரித்து வைக்கப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் நான்கு தாள்களை எடுத்து, முதல் தாளை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"வெள்ளத்துல போனவங்களோட முப்பதாம் நாள் பூசைக்கு எழுதியிருக்கேன் டீச்சர். வெளி ஆளுங்களும் வராங்க. நீங்க பாத்துருங்க."

முதல் தாளை மட்டும் நான் பார்ப்பது இரண்டு வருடப் பழக்கம். தெற்கே கடற்கரை ஊரில் பிறந்தவர் அவர். வந்த புதிதில் ஒரு பிரசங்கத்தைத் துறையூர் மாட்டுத் தரகர் கதையோடு தொடங்கினார். பல் இல்லாத பசுவை இளங்கன்று என்று விற்றவனின் கதை. கோயில் சிரித்தது. துறையூரிலிருந்து வந்து குடியேறிய மாட்டு வியாபாரக் குடும்பம் ஒன்று நான்காம் பெஞ்சில் இருந்ததும், சிரித்தவர்கள் எல்லோரும் அந்தப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்ததும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் அவர்கள் வேறு கோயிலுக்குப் போனார்கள். காரணம் தெரிந்ததும் அவரே வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"உள்ளே இருக்கற வேதம் எனக்குத் தெரியும் டீச்சர். ஜனங்களைத்தான் தெரியல. சிரிப்பு, ஊர்க்கதை, வசனம் எல்லாம் முதல் பக்கத்துலதான் வருது. அதை மட்டும் பாத்துக் குடுங்க."

அன்றிலிருந்து அது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. எனக்கென்று பெரிய முறை ஒன்றும் கிடையாது. கோயில் பெஞ்சுகளை மனதில் வரிசையாக வைத்துக்கொண்டு படிப்பேன். ஒவ்வொரு வரியும் அங்கே யார் காதில் எப்படி விழும் என்று பார்ப்பேன். எங்கே ஒரு முகம் சுருங்குகிறதோ அங்கே சிவப்பு மை.

அந்த மாலை முதல் தாள் முழுக்கச் சிவப்பாயிற்று.

வெள்ளம் எங்கள் பக்கம் வந்தது விடியற்காலையில். கோரையாற்றுத் தண்ணீர் வயலைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது பலர் எழுந்திருக்கவேயில்லை. எங்கள் தெருவில் மாடி வீடு ஒன்றுதான். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் குடும்பம், ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர் புதிதாகக் கட்டிய வீடு. அவர் கதவைத் திறந்து வைத்தார். நாற்பது பேர் மொட்டை மாடியில் ஏறினோம். நானும் என் இரண்டு பிள்ளைகளும் அதில் உண்டு. இரண்டு நாள் அந்த வீட்டு அம்மாள் மாடிப்படியின் நடுவில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார். பஞ்சர் கடை பாய் லாரி ட்யூபில் காற்றடித்துக்கொண்டு வந்து, தண்ணீரில் மாட்டியவர்களை ஒவ்வொருவராக இழுத்துக் கரை சேர்த்தார். அப்படியும் எங்கள் பங்கு மக்களில் மூன்று பேர் போய்விட்டார்கள். இரண்டு முதியவர்கள், ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தை.

சாமியார் எழுதியிருந்தது இது. நோவாவின் பேழையில் எல்லா உயிரும் ஏறின. நம் ஐயங்கார் வீட்டுப் பேழையில் கிறிஸ்தவன் ஏறினான், இந்து ஏறினான், முஸ்லிம் ஏறினான், இரண்டு ஆடும் ஏறின. நோவா என்ன சமைத்துப் போட்டார் என்று வேதத்தில் இல்லை. இந்தப் பேழையில் தயிர்சாதம் கிடைத்தது. மூன்றாம் வேளை நம் ஆள் ஒருவர் மெல்ல, கருவாடு கிடைக்குமா என்று கேட்டார்.

கடைசி வரியில் நானும் சிரித்துவிட்டேன். நிஜமாகவே கேட்டார். அந்த மனிதர் கோயிலில் மணியடிப்பவர்.

"சிரிப்பு வருதுல்ல?" என்றார் சாமியார்.

"வருது சாமி. ஆனா அந்த வீட்டுக்காரங்க முன்னால உக்காந்திருப்பாங்க. அடுப்பு மூட்டிச் சமைச்சுப் போட்டவங்க முன்னால கருவாட்டுப் பேச்சு வேண்டாம்."

"அவங்களும் சிரிப்பாங்க டீச்சர்."

"நமக்காகச் சிரிப்பாங்க. வீட்டுக்குப் போய் என்ன நினைப்பாங்கன்னு நமக்குத் தெரியாது."

அவர் பேனாவை எடுத்துத் தாமே அந்த வரியை அடித்தார். "ஒரு மாசமா இந்த ஜனங்க சிரிக்கல. எல்லாத்தையும் எடுத்துட்டா நான் இழவுக்கு வந்தவன் மாதிரி நிக்கணும்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

அடுத்தது நோவாவே. மனிதர்களின் தீமை பெருகியதால் கடவுள் வெள்ளத்தை அனுப்பினார் என்றுதான் அந்தக் கதை தொடங்குகிறது. சாமியார் அந்த வசனத்தைப் பேழைக்காகத்தான் எடுத்திருந்தார், தண்டனைக்காக அல்ல. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்தவள் முதல் பெஞ்சில் இருப்பாள். அவள் காதில் பேழை விழாது. இதைச் சொன்னதும் அவர் அந்த வசனத்தை மறுபடி படித்தார். பிறகு நோவாவையும் அடித்தார்.

மூன்றாவது, ஒரு சின்ன இலக்கண விவகாரம். 'பிற மதத்தவராக இருந்தும் அவர்கள் நமக்கு உதவினார்கள்' என்று எழுதியிருந்தார். முதலில் 'அஞ்ஞானிகள்' என்று எழுதி அடித்துவிட்டுத்தான் 'பிற மதத்தவர்' போட்டிருந்தார், அடித்தது தெரிந்தது. பழைய ஜெபப் புத்தகங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் கையோடு வந்துவிடும்.

"அஞ்ஞானியை எடுத்துட்டேனே, பாத்தீங்களா" என்றார்.

"பாத்தேன். இந்த 'இருந்தும்'ல ஒரு 'உம்' இருக்கு சாமி. ஒன்பதாம் வகுப்புல சொல்லிக் குடுப்பேன், இழிவு சிறப்பும்மைன்னு. நாயும் தின்னாதுன்னு சொல்றோமில்ல, அந்த உம்."

அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "இவ்வளவு இருக்கா இதுல."

"பக்கத்து வீட்டார் உதவினார்கள்னு மட்டும் போடுங்க. அது போதும்."

நோவாவுக்குப் பதில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து ஒரு வசனத்தை நானே சொன்னேன். தண்ணீரைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன் என்று கடவுள் ஆறுதல் சொல்லும் இடம். சாமியாருக்கும் பிடித்தது. எழுதிக்கொண்டார். ஒரு வேலை முடிந்தது என்று கிளம்பினேன்.

தெருக்குழாயில் குடம் வைத்துவிட்டு அந்தக் குழந்தையின் தாய் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கணவன் ஜீயபுரம் பக்கம் வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போனவன். வெள்ளம் வந்தபோது அவனும் ஊரில் இல்லை. நான் கடந்து போவதற்குள் கூப்பிட்டாள்.

"டீச்சர், சாமி என்ன பிரசங்கம் வைக்கப் போறாரு? ஊர்ல பாவம் பெருத்துப் போச்சுன்னு சொல்லுவாரா?"

"இல்லம்மா. அப்படிச் சொல்ல மாட்டாரு."

"சொன்னா நான் எந்திரிச்சு வந்துருவேன். அதான் கேட்டேன்." குடம் நிரம்பி வழிந்தது, அவள் எடுக்கவில்லை. "அவ பேரைச் சொல்லுவாங்களா?"

"மூணு பேர் பேரும் சொல்லுவாரு."

"ஞானஸ்நானப் பேரைச் சொன்னா எனக்கே யாரோ மாதிரி இருக்கும். வீட்டுல கூப்பிடற பேரைச் சொல்லச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து உலை வைத்தபோதுதான் ஏசாயாவின் அடுத்த வரி நினைவுக்கு வந்தது. ஆறுகள் உன்னை மூழ்கடிக்காது என்று அந்த வசனம் தொடர்கிறது. அவள் குழந்தையை ஆறு மூழ்கடித்துவிட்டது. முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்தினாலும், கோயிலில் பாதிப் பேருக்கு மீதி மனப்பாடம்.

மறுநாள் பள்ளி விட்டதும் மறுபடி பங்களாவுக்குப் போய் ஏசாயாவை அடிக்கச் சொன்னேன். அடுத்ததாக, கோபுரம் விழுந்து செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்கும் இடத்தைச் சாமியார் எடுத்தார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அதுவரை சரி. ஆனால் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று அடுத்த மூச்சில் சொல்லிவிடுகிறார். அதையும் விட்டோம். கடைசியில் சங்கீதத்துக்கு வந்தோம், தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது, என்னைக் காப்பாற்று என்று ஒருவன் கடவுளிடம் கதறும் சங்கீதம். பழைய புத்தகத்தில் அறுபத்தெட்டு, புதியதில் அறுபத்தொன்பது. எந்த எண்ணைச் சொல்வது என்று ஒரு குழப்பம். எண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதில் ஆறுதலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் தண்ணீர் கழுத்துவரை வந்ததுதான்.

இனி அந்தத் தாளில் மிச்சமிருந்த நல்ல பகுதி ஐயங்கார் வீட்டைப் பற்றியது. கருவாடு போனபின் அது அழகாக இருந்தது. திறந்த கதவு, படியில் எரிந்த அடுப்பு, சாப்பாடு போட்ட கை. அதில் நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுக்காரர் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். பார்வையாளர் அறையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். குடையைக் கைக்குக் கை மாற்றினார்.

"ஃபாதர் எங்களை அழைச்சிருக்கார். அவசியம் வரோம். ஒரு சின்ன விஷயம். எங்காத்தைப் பத்தி ஏதும் பேசப் போறதா கேள்விப்பட்டேன். அது வேண்டாமே டீச்சர்."

"நல்லதாத்தான் சார் எழுதியிருக்காரு. நானே படிச்சேன்."

"நல்லதா இருக்கும், தெரியும்." வாசல் பக்கம் பார்த்தார். "உங்ககிட்ட மறைக்க விரும்பலை. வெள்ளம் வடிஞ்சதும் அப்பா ஸ்ரீரங்கத்துலேர்ந்து வந்தார். பெருமாள் இருக்கற ஆத்தைச் சுத்தம் பண்ணணும்னு சொல்லி, அலம்பி விட்டு, புண்யாகவாசனம் பண்ணினார். வைதீகாள் வந்தா. தெருவுல பாத்தவா இருப்பா. அதுக்கப்புறம் நீங்க எல்லாரும் என்னைக் கொண்டாடினா, அங்க உக்காண்டு கேக்கறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கும்."

எனக்குப் புண்யாகவாசனம் தெரியும். தீட்டுக் கழிப்பது. அந்த மாடிப்படியில் என் பிள்ளைகள் தூங்கியிருந்தார்கள்.

"சொல்லிடறேன் சார்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இன்று அதை மதிக்கிறேன். அன்று மதிக்கவில்லை. அன்று மாலை சாமியார் மேசையில் உட்கார்ந்து அந்தப் பகுதி முழுவதையும் அடித்தபோது, என் கை தேவைக்குமேல் அழுத்தியது. தாள் ஓரிடத்தில் கிழிந்தது.

"ஏன் டீச்சர்? நன்றி சொல்லக் கூடாதா?"

"அவங்களுக்குப் பிடிக்கல சாமி. கேட்டுக்கிட்டாங்க."

"ஏன் பிடிக்கல?"

"பெருமை வேண்டாம்னு சொல்றாங்க."

பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. சாமியார் என் முகத்தைப் பார்த்தார், கேள்வியை விட்டுவிட்டார். "அப்ப என்னதான் சொல்றது நான்?" என்றார். அவர் குரலும் அலுத்திருந்தது. வெள்ளத்துக்குப் பின் தினமும் அரிசி மூட்டையும் போர்வையுமாக அலைந்துகொண்டிருந்த மனிதர்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க சாமி. உங்களைக் கேலி பண்ணா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அவர் யோசித்தார். பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது. எழுத ஆரம்பித்தார்.

முப்பதாம் நாள் பூசை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. கோயில் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பாய் தொப்பியோடு வந்து, கடைசித் தூண் அருகே தம்பியோடு நின்றுகொண்டார். ஐயங்கார் குடும்பம் மூன்றாம் பெஞ்சில். அவர் முழுக்கைச் சட்டையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். துக்கப் பூசைக்குப் பட்டா என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மடியாக, மரியாதையாக வரவேண்டும் என்று கட்டிக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

நற்செய்தி வாசித்து முடித்ததும் சாமியார் தாளைப் பிரித்தார்.

"நான் கடற்கரையில பொறந்தவன். எங்க அப்பா, எங்க அண்ணன் எல்லாரும் கடல்ல போறவங்க. எனக்கு மட்டும் நீச்சல் தெரியாது. அதனாலதான் சாமியாராப் போனேன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அன்னைக்கு விடியக்காலை பங்களா ஜன்னலைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்கினவனை லாரி ட்யூப்ல உக்கார வச்சு ஒருத்தர் இழுத்துக்கிட்டுப் போனாரு. நான் பயத்துல லத்தீன்ல ஜெபம் சொன்னேன். அவர் சொன்னாரு, சாமி, தமிழ்ல சொல்லுங்க, நானும் சேந்துக்கறேன்னு."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று பார்த்துக்கொண்டார்கள். பிறகு தூணருகில் பாயே சிரித்தார். அதன் பின்னால் கோயில் முழுக்க மெதுவாக ஒரு சிரிப்பு பரவி அடங்கியது. ஒரு மாதத்துக்குப் பின் கேட்ட சிரிப்பு. சாமியார் அது அடங்கும்வரை காத்திருந்து சங்கீதத்தைச் சொன்னார். பிறகு மூன்று பெயர்கள். குழந்தையின் பெயரை, வீட்டில் கூப்பிட்ட பெயரையே சொன்னார். தாய் எழுந்து போகவில்லை. பக்கத்திலிருந்த புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'பக்கத்து வீட்டார் உதவினார்கள்' என்ற ஒரு வரியோடு அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அப்போதுதான் தற்செயலாக மூன்றாம் பெஞ்சைப் பார்த்தேன். வீட்டுக்காரர் தலை நிமிர்ந்து மூச்சு விட்டார். மனைவி இன்னும் எதையோ எதிர்பார்த்துச் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தாள் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பிரசங்கம் முடியும்வரை அந்த அம்மாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார்.

நாற்பது பேருக்கு இரண்டு நாள் சமைத்தவர் அவர். அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் சொன்னார், நான் அடித்துவிட்டேன். எத்தனை பெஞ்சு, எத்தனை முகம் என்று எண்ணி எண்ணிப் படித்தவள், மாடிப்படியில் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற அந்த முகத்தை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. கோபத்தில் விட்டிருக்கிறேன்.

வெளியே வந்ததும் மணியடிப்பவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கருவாட்டுக் கதையை வராமல் செய்தது நான்தான் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "என்னைப் பத்திதானே டீச்சர், நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேன்" என்று குறைப்பட்டார். அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு நான் வாசலுக்குப் போவதற்குள் அந்தக் குடும்பம் ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்குப் போனேன். அம்மாள்தான் கதவைத் திறந்தார். மாடிப்படி சுத்தமாக இருந்தது. அலம்பி விட்டதைப் பற்றிக் கேட்பதற்காக நான் போகவில்லை.

"மாமி, நேத்து பிரசங்கத்துல உங்களைப் பத்தி ஒரு வார்த்தை வந்திருக்கணும். சாமி எழுதியிருந்தாரு. நான்தான் எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

"ஏன் எடுத்தேள்?"

உள்ளே அவர் புருஷன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பக்கம் புரளுவது நின்றது.

"நீளமாப் போகுதுன்னு எடுத்தேன்."

அவர் என்னையே பார்த்தார். "பரவால்லை. உக்காருங்கோ, காப்பி குடிச்சுட்டுப் போகலாம்" என்றார். காப்பி எவர்சில்வர் டம்ளரில் வந்தது. வீட்டு டம்ளரா, வெளியாருக்கென்று வைத்த தனி டம்ளரா என்று அன்று நான் பார்த்தேன். பார்த்ததற்காக வெட்கப்பட்டேன். இரண்டும் நடந்தது.

அடுத்த வருடம் அவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கே போனார்கள். சாமியாருக்கும் மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் தன் பிரசங்கத்தை யாருக்கும் காட்டாதவர். அதற்கடுத்தவர் முழுவதையும் என்னிடம் கொடுப்பவர். எண்பதுகளில் எத்தனை முதல் பக்கங்கள் திருத்தினேன் என்று கணக்கில்லை. ஒருவரைப் பற்றி எழுதியிருந்தால், அவர் வீட்டுக்குப் போய் அவரிடமே, வீட்டில் உள்ள எல்லோரிடமும், கேட்டுவிட்டு வரும் பழக்கம் வந்துவிட்டது. அதில் இரட்டிப்பு வேலை. கால்வலியும் சேர்ந்துகொண்டது.

ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் ஒரு மாணவியின் கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றபோது அந்த அம்மாளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கையில் கீரைக்கட்டு. அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். பிள்ளைகளை விசாரித்தார். மாமனார் காலமாகி மூன்று வருஷம் என்றார். அன்று அந்தப் பகுதியை ஏன் அடித்தேன் என்று பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவரே முந்திக்கொண்டார். "எங்காத்துக்காரர் ஸ்கூலுக்கு வந்து சொன்னது எனக்குத் தெரியும் டீச்சர். பூசை அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டார். நீங்க வந்து உங்க மேல போட்டுண்டேளே, அது ஏன்னுதான் எனக்குப் புரியலை."

"அவரை உங்க முன்னால விட்டுக் குடுக்க மனசு வரல மாமி."

"எனக்குப் பேரு வேணும்னு இல்லை. மாமனார் அலம்பி விட்டப்போ, நான் ஒருத்திதான் வேண்டாம்னு சொன்னேன். யாரும் கேக்கலை. கோயில்ல பொதுவுல ஒருத்தர் நன்னா சொன்னா, பண்ணினது சரிதான்னு எனக்கே ஒரு தைரியமா இருந்திருக்கும்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். அவர் கீரைக்கட்டில் பாதியைப் பிரித்து என் பையில் போட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "சரியாத்தான் பண்ணீங்க மாமி" என்று சொன்னேன். பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கையை மட்டும் ஆட்டினார்.